ஆப்பில் தேதி போட்டு வைத்த பணம்: எங்கே பார்ப்பது, எப்படி நிறுத்துவது?

கேள்வி: புது வீட்டு அட்வான்ஸ் 1,20,000 ரூபாய், வருகிற 5-ம் தேதி வீட்டுக்காரர் கணக்குக்குப் போகிற மாதிரி பேங்க் ஆப்பில் போன வாரமே போட்டு வைத்தேன். இப்போது அந்த வீடு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அவரிடமும் சொல்லிவிட்டோம். ஆனால் ஸ்டேட்மென்ட்டில் தேடினால் அப்படி ஒரு என்ட்ரியே இல்லை. பேலன்ஸும் குறையவில்லை. பயத்தில் அவருடைய பெயரை பெனிஃபிஷியரி லிஸ்ட்டிலிருந்து நீக்கிவிட்டேன். இது போதுமா? இல்லை, 5-ம் தேதி பணம் போய்விடுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: போதாது. பெயரை நீக்கினால் அந்தப் பெயருக்குப் போட்டு வைத்த உத்தரவும் சேர்ந்து ரத்தாகும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சில வங்கிகளில் ரத்தாகலாம். வேறு சில வங்கிகளில், நீங்கள் உத்தரவு கொடுத்த அன்றே கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் அந்த உத்தரவிலேயே பதிவாகியிருக்கும். பிறகு லிஸ்ட்டில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேதி வந்ததும் பணம் கிளம்பிவிடும். உங்கள் வங்கி இதில் எந்த வகை என்று 5-ம் தேதி பரிசோதித்துப் பார்க்க 1,20,000 ரூபாய் கொஞ்சம் பெரிய தொகை.

ஸ்டேட்மென்ட்டில் காணவில்லை என்று கவலைப்பட வேண்டாம். ஸ்டேட்மென்ட்டும் பாஸ்புக்கும் நடந்து முடிந்த வரவு செலவை மட்டும்தான் காட்டும். நீங்கள் கொடுத்திருப்பது இனிமேல் நடக்க வேண்டிய ஒன்று. அது வங்கியின் சர்வரில் தனி வரிசையில் காத்திருக்கிறது. இந்த வகை உத்தரவுக்குப் பொதுவாகப் பணத்தை முன்கூட்டியே பிடித்து வைப்பதில்லை, அதனால் பேலன்ஸும் அப்படியே இருக்கிறது. உத்தரவு போனில் இல்லை என்பதால், ஆப்பை அழித்தாலும் போனை மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

சரி, எங்கே தேடுவது? இந்தப் பணம் எந்த வழியாகப் போகப் போகிறது என்பதை முதலில் ஊகித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. யுபிஐயில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்புவதற்கான பொது வரம்பு ஒரு லட்சம். உங்கள் தொகை அதைத் தாண்டிவிட்டது. ஆர்டிஜிஎஸ் குறைந்தது இரண்டு லட்சத்தில்தான் தொடங்கும், அதனால் அதுவும் இல்லை. மிச்சம் இருப்பது நெஃப்ட் அல்லது ஐஎம்பிஎஸ். வீட்டுக்காரருக்கும் அதே வங்கியில் கணக்கு என்றால் உள்ளுக்குள்ளேயே நடக்கும் டிரான்ஸ்ஃபர். ஆக, ஜிபே, போன்பே மாதிரியான ஆப்களில் ஆட்டோபே பகுதியைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம். அங்கே உங்கள் ஓடிடி சந்தாவும் மொபைல் ரீசார்ஜும்தான் கிடைக்கும்.

வங்கியின் சொந்த ஆப்பைத் திறந்து, பணம் அனுப்பும் பகுதிக்குப் போங்கள். வங்கிக்கு வங்கி பெயர் மாறும். Scheduled Transfers, Scheduled Payments, Upcoming Payments, Standing Instructions என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். முகப்பில் கண்ணில் படாவிட்டால் பணம் அனுப்பும் திரையிலேயே கீழே தள்ளிப் பாருங்கள், அல்லது Manage, Services போன்ற தலைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். ஆப்பிலேயே தேடும் பெட்டி இருந்தால் scheduled என்று தட்டுவது இன்னும் சுலபம். உள்ளே போனதும், உங்கள் பெயரில் இரண்டு கணக்கு இருந்தால் எந்தக் கணக்கிலிருந்து பணம் போக வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். தேதி வடிகட்டி இருந்தால் அடுத்த மாதம் முழுவதையும் சேருங்கள். பல ஆப்களில் அது தானாகவே இன்றைய தேதியிலோ இந்த மாதத்திலோ நின்றுவிடும், நாமும் பட்டியல் காலி என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவோம்.

அப்படியும் தெரியவில்லையா? அதே வங்கியின் இணையதளத்தில் நெட்பேங்கிங்கில் நுழைந்து பாருங்கள். ஆப்பில் சுருக்கமாக இருக்கும் சில வசதிகள் அங்கே முழுமையாக இருக்கும். இந்தத் தேடலில் Stop Payment என்ற பெயரும் கண்ணில் படும். பெயரைப் பார்த்தால் உங்களுக்கென்றே வைத்தது போல இருக்கும். அது காசோலையை நிறுத்துவதற்கான இடம், காசோலை எண் கேட்கும். அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உத்தரவு கிடைத்ததும் அவசரப்பட்டு ரத்து பட்டனை அழுத்தாமல், அந்த வரியைத் திறந்து நான்கு விஷயம் பாருங்கள்: பெறுபவரின் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், தொகை, தேதி, எத்தனை முறை. கடைசி விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். One time என்று இருந்தால் ஒரே முறை. Monthly என்று இருந்தால், ரத்து செய்யும்போது ஆப் இன்னொரு கேள்வி கேட்கலாம்: இந்த ஒரு தவணையை மட்டும் நிறுத்த வேண்டுமா, மொத்தத் தொடரையுமா? பழைய வீட்டு வாடகையைப் பதினொரு மாத ஒப்பந்தத்துக்குச் சேர்த்து மாதாமாதம் போகிற மாதிரி போட்டு வைத்திருந்தால், அதுவும் இதே பட்டியலில் உட்கார்ந்திருக்கும். அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத்தான் புது வீடு பார்க்கிறீர்கள் என்றால் அதையும் கையோடு கவனித்துவிடுங்கள். தொகையையோ தேதியையோ மாற்றும் வசதி எல்லா ஆப்பிலும் இருக்காது. அதை நிறுத்திவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் சுத்தமான வழி.

பிறகு Cancel அல்லது Delete. ஓடிபியோ பரிவர்த்தனை பாஸ்வேர்டோ எம்பின்னோ கேட்கும். அதைக் கொடுத்த பிறகு ரத்தானதாக ஒரு செய்தி வரும் வரை திரையை விட்டு நகராதீர்கள். ஓடிபி கட்டத்திலேயே சிக்னல் போய், ரத்து செய்துவிட்டோம் என்ற நினைப்பில் மூடிவிடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். திரும்ப அதே பட்டியலுக்குப் போங்கள். அந்த வரி மறைந்திருக்க வேண்டும், அல்லது அதன் நிலை Cancelled என்று மாறியிருக்க வேண்டும். இன்னும் Active, Pending, Scheduled என்றே காட்டினால் ரத்தாகவில்லை என்று அர்த்தம். ரெஃபரன்ஸ் எண் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் தகராறு வந்தால், நீங்கள் எந்தத் தேதியில் ரத்து செய்தீர்கள் என்பதற்கு அதுதான் கையில் இருக்கும் சாட்சி.

எப்போது செய்ய வேண்டும் என்பதில் தாராளம் காட்டாதீர்கள். இந்த மாதிரி உத்தரவுகளைப் பல வங்கிகள் அந்தத் தேதியின் அதிகாலையிலேயே மொத்தமாக ஓட்டிவிடும். 5-ம் தேதி காலை காபி குடித்துவிட்டு ஆப்பைத் திறந்தால் பணம் போயிருக்கலாம், அல்லது ரத்து பட்டனே வேலை செய்யாமல் இருக்கலாம். 4-ம் தேதியை உங்கள் கடைசி நாளாக வைக்காமல், இதைப் படித்ததும் செய்துவிடுங்கள். 5-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வங்கி விடுமுறை, அதனால் ஒரு நாள் கிடைக்கும் என்ற பழைய கணக்கும் இனிமேல் உதவாது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாளும் இருபத்திநாலு மணி நேரமும் ஓடுகிறது. அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் போய்க்கொண்டே இருக்கும். ஐஎம்பிஎஸ்ஸுக்கு முதலிலிருந்தே விடுமுறை கிடையாது.

எங்கே தேடியும் கிடைக்கவில்லை, அல்லது ரத்து ஏற்கவில்லை என்றால் வங்கியைக் கூப்பிடுங்கள். எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். அங்கே வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடி எண்கள் உலவுகின்றன. ஸ்கிரீன் ஷேர் ஆப் ஒன்றை இறக்கச் சொல்லி, நிறுத்த வேண்டிய பணத்தோடு மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு போவார்கள். டெபிட் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணையோ ஆப்புக்குள் இருக்கும் எண்ணையோ பயன்படுத்துங்கள். புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். கிளை பக்கத்தில் இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

அது வரை கையில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது: 4-ம் தேதி இரவுக்குள் பணத்தை உங்களுடைய வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுவது. கணக்கில் 1,80,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1,50,000 ரூபாயை எடுத்துவிட்டால் மிச்சம் 30,000. காலையில் 1,20,000 ரூபாய்க்கு உத்தரவு வரும்போது போதிய பணம் இல்லை என்று தோல்வி அடையும். ஆனால் அதற்கு முன்னால் அதே கணக்கிலிருந்து 5-ம் தேதி வாக்கில் வேறு என்னென்ன போகிறது என்று பார்த்துவிடுங்கள். வீட்டுக் கடன் இஎம்ஐ 22,000, எஸ்ஐபி 5,000 போகும் என்றால் 30,000 போதும், மினிமம் பேலன்ஸ் விதியை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்காமல் கணக்கை வழித்து எடுத்தால் இஎம்ஐ திரும்பி, வங்கி ஒரு பக்கமும் கடன் கொடுத்தவர் ஒரு பக்கமும் அபராதம் போடுவார்கள், கிரெடிட் ஸ்கோரும் அடிபடும். தோல்வி அடைந்த உத்தரவுக்கே கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு. சில வங்கிகள் மறுநாள் மீண்டும் முயற்சி செய்யும், அதனால் 6-ம் தேதியே பணத்தைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். பட்டியலில் நிலை Failed என்று முடிந்த பிறகு போடுங்கள்.

ஒருவேளை பணம் போய்விட்டால்? வீட்டுக்காரர் கணக்கில் வரவாகிவிட்ட பணத்தை உங்கள் வங்கி தானாக இழுத்துக்கொள்ள முடியாது. உத்தரவு கொடுத்தது நீங்கள், கணக்கு எண்ணும் சரியானது, ஆகவே இது மோசடிப் பரிவர்த்தனைக்கான ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு விதிக்குள் வராது. உங்கள் வங்கி அவருடைய வங்கிக்கு வேண்டுகோள் அனுப்பும், அவர் சம்மதித்தால் பணம் திரும்பும். உங்கள் விஷயத்தில் வீடு வேண்டாம் என்று முன்பே பேசி முடித்துவிட்டதால், நேரடியாக அவரையே கேட்பதுதான் வேகமான வழி. வீடு வேண்டாம் என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வையுங்கள். போனில் வாய்வார்த்தையாகத்தான் சொன்னீர்கள் என்றால், அட்வான்ஸ் அனுப்பவில்லை என்று இன்றே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் ரத்து செய்து, Cancelled என்று திரையில் பார்த்த பிறகும் பணம் போனால் கதை வேறு. அது வங்கியின் பிழை. ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம்.