வேஷ்டி மடிப்பு எங்கே போனது?

*கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஐயா கல்யாணத்துக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ், அப்பச்சி மலேசியாவில் எடுத்த ஸ்லைடு, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எடுத்த கலர் நெகட்டிவ் எல்லாம் கிடக்கின்றன. எப்சன் வி600 ஸ்கேனரில் VueScan மென்பொருள் வைத்து, தூசி நீக்கும் Infrared clean என்பதை Medium-இல் விட்டேன். கலர் எல்லாம் தூசியே இல்லாமல் வந்துவிட்டது. கல்யாணப் படத்தில் மட்டும் வேஷ்டி மடிப்பைக் காணோம், முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கிறது. ஸ்கேனர் கோளாறா?*

ஸ்கேனரில் கோளாறு இல்லை. கறுப்பு வெள்ளைக்கு அந்த வசதியை அணைத்துவிடுங்கள், அவ்வளவுதான். ஏன் என்று தெரிந்துகொண்டால் ஸ்லைடுகளையும் காப்பாற்றலாம்.

Infrared clean போட்டால் ஸ்கேனர் வழக்கமான ஒளியோடு அகச்சிவப்பு ஒளியாலும் படத்தை எடுக்கும்; அதுதான் அகச்சிவப்புச் சேனல். கலர் ஃபிலிமைக் கழுவும்போது அதிலிருக்கும் வெள்ளி முழுக்க வெளியேறி, சாயம் மட்டும் மிஞ்சும். அந்தச் சாயம் அகச்சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிடும். தூசி மறைக்கும், கீறல் சிதறடிக்கும். அதனால் அகச்சிவப்புச் சேனலில் உங்கள் கலர் நெகட்டிவ் வெறும் வெளிர் சாம்பல் தாள் மாதிரிதான் தெரியும். அதில் கறுப்பாக இருப்பதெல்லாம் அழுக்கு. மென்பொருள் அந்த இடங்களைப் பக்கத்து நிறத்தால் நிரப்பிவிடுகிறது.

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பையும் மறைக்கும். அந்தச் சேனலில் வெற்றுத் தாளுக்குப் பதில் கல்யாணமே தெரியும். நெகட்டிவில் வெள்ளி அடர்த்தியாகப் படிந்திருப்பது படத்தில் வெளிச்சமான இடங்களில்: வேஷ்டி, ஃபிளாஷ் பட்ட முகம், கழுத்துருவின் மின்னல். மென்பொருளுக்கு அதெல்லாம் பெரிய தூசிக் கட்டி. மடிப்பைத் துடைத்துவிட்டு வழவழவென்று பூசிவிட்டது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். VueScan-இன் Input பக்கத்தில் Bits per pixel என்பதை 64 bit RGBI ஆக்குங்கள். Output பக்கத்தில் Raw file-ஐ டிக் செய்து, Raw file type-ஐயும் 64 bit RGBI என்றே வையுங்கள். 3200 dpi-இல் ஒரு 35 மி.மீ. படம் சுமார் 110 எம்.பி. வரும்; சோதனைக்கு ஒன்றிரண்டு போதும். ஃபோட்டோஷாப்பில் திறந்தால் சிவப்பு, பச்சை, நீலம் போக நான்காவதாக ஒரு சேனல் இருக்கும். அதை மட்டும் கண் குறியிட்டுப் பாருங்கள். அதில் புள்ளியும் கோடும் மட்டும் தெரிந்தால் சுத்தம் செய்யலாம். மணமக்கள் தெரிந்தால் Infrared clean என்பதை None ஆக்குங்கள்.

எக்ஸ்பி2 மாதிரி சில கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் கலர் ஃபிலிம் போலவே கழுவப்படுபவை. அவற்றில் வெள்ளி மிஞ்சாததால் இந்த வித்தை பலிக்கும். ஐயா கல்யாண நெகட்டிவ் அந்த ரகமாக இருக்க வாய்ப்பே இல்லை.

அப்புறம் அப்பச்சி ஸ்லைடுகள். அட்டை ஃபிரேமில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். எக்டாக்ரோம், ஃபியூஜிக்ரோம் என்றால் கவலையில்லை. கோடாக்ரோம் என்றால் பார்த்துச் செய்ய வேண்டும். அதன் நீலப்பச்சைச் சாயம் அகச்சிவப்பைக் கொஞ்சம் உறிஞ்சும். ஸ்லைடில் சாயம் அடர்த்தியாக இருப்பது இருட்டான இடங்களில், அதனால் சேதம் கல்யாணப் படத்துக்கு நேர்மாறாக வரும். வெளிச்சமான வானம் சுத்தமாக இருக்கும். கறுத்த தலைமுடியிலும், நிழலில் நிற்கும் மரக்கதவின் செதுக்கலிலும் நுணுக்கம் கரையும். ஒரு ஸ்லைடை Light-இலும் None-இலும் எடுத்து, நூறு சதவீதத்தில் பெரிதாக்கி முடியோரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். முடி இழை அறுபட்டுத் தெரிந்தால் None-தான். கலர் நெகட்டிவுக்கும் Light-இல் தொடங்குவதே என் பழக்கம். அதில் போகாத அழுக்குக்குத்தான் Medium.

சரி, கறுப்பு வெள்ளையில் தூசியை என்ன செய்வது? ஸ்கேன் செய்வதற்கு முன்பே எடுப்பதுதான் வழி. நம்ம ஊர்ச் செம்மண் தூசி மணல் மாதிரி உரசும். வேஷ்டித் துணியால் துடைத்தால் ஒவ்வொரு துகளும் ஒரு கீறல் போடும். ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, கையால் அமுக்கும் ரப்பர் புளோயரால் முதலில் ஊதுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்கேனர் கண்ணாடியையும் துடைத்துவிடுங்கள், அங்கே இருக்கும் ஒரு புள்ளி அத்தனை படத்திலும் அதே இடத்தில் வரும்.

பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் இளகியிருக்கும், ஈரம் பட்டால் படமே கரைந்து வந்துவிடும். அந்த இடங்களை ஸ்கேன் செய்த பிறகு ஃபோட்டோஷாப்பின் ஹீலிங் பிரஷ்ஷால் கையாலேயே சரிசெய்யுங்கள். முகத்தையும் கழுத்துருவையும் முதலில் முடியுங்கள். பின்னால் இருக்கும் சுவரில் நாலு புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.