டயரின் பக்கவாட்டில் ஊரும் வாரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: காருக்குப் புதிதாக நான்கு டயர் போட்டேன். இரண்டில் மட்டும்தான் தேதி இருக்கிறது. மற்ற இரண்டிலும் DOT என்று இருக்கிறது, கடைசியில் எண் இல்லை. தேதியை அழித்துவிட்டு விற்றிருப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. DOT என்று தொடங்கும் எண்ணில்தான் டயரைச் செய்த ஆலையின் குறியீடும் தேதியும் இருக்கும். தேதியோடு கூடிய முழு எண்ணை டயரின் ஒரு பக்கத்தில் போட்டால் போதும் என்பதுதான் விதி. மறுபக்கத்தில் ஆலைக் குறியீடு வரை இருக்கும், தேதி இல்லாமலும் இருக்கலாம். உங்கள் காரில் அந்த இரண்டு டயருக்கும் தேதிப் பக்கம் உள்பக்கமாகப் போயிருக்கிறது.

முன் டயர் என்றால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பி, கைபேசியை சக்கர வளைவுக்குள் நீட்டிப் படம் எடுங்கள். பின் டயருக்கு வண்டியின் அடியில் கைபேசியை நீட்டி வீடியோ எடுப்பது எளிது. கறுப்பின் மேல் கறுப்பாக இருப்பதால் எழுத்து சரியாகத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸைப் படுக்கையாக வைத்துத் தேய்த்தால் மேடான எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும்.

அடுத்த முறை டயர் மாட்டும்போதே தேதிப் பக்கத்தை வெளியே வைக்கச் சொல்லுங்கள். சுழலும் திசையோ வெளிப்பக்கமோ குறித்திருக்கும் டயருக்கு மட்டும் இதைக் கேட்கக்கூடாது, அந்தக் குறிப்புதான் முக்கியம்.

அம்பத்தூர் வாசகர்: எண்ணைப் படித்துவிட்டேன். எந்த ஆலையில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இந்த வடிவம்தான். நடு எழுத்துகளை மட்டும் மாற்றி எழுதுகிறேன்:

```
DOT 1AB CD2EFH 2319
```

DOT என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிக்கு இந்த டயர் பொருந்துகிறது என்று தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதி. அதை ஒட்டி வரும் முதல் மூன்று, இங்கே 1AB, ஆலைக் குறியீடு. அடுத்த ஆறும் அளவு, மாடல் முதலியவற்றுக்காகத் தயாரிப்பாளர் வைத்துக்கொள்வது. கடைசி நான்கில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு.

ஆலைக் குறியீட்டைத் தருவது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். ஆலை எந்த நாட்டில் இருந்தாலும், அமெரிக்காவில் விற்கும் டயரைச் செய்தால் இந்த எண் வாங்க வேண்டும். பட்டியல் vpic.nhtsa.dot.gov/mid என்ற தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. குறியீட்டைத் தட்டினால் நிறுவனத்தின் பெயரும் ஆலையின் முகவரியும் வரும்.

முன்பு ஆலைக் குறியீடு இரண்டு எழுத்துதான். எண்கள் தீர்ந்துகொண்டே வந்ததால் 2015-ல் மூன்றாக்கினார்கள், பழைய ஆலைகளுக்கு 2025 ஏப்ரல் வரை அவகாசம் கொடுத்தார்கள். பழைய ஆலைகளின் குறியீட்டுக்கு முன்னால் 1 சேர்ந்தது. ஆகவே ஒரே ஆலையின் பழைய டயரில் AB என்றும் புதியதில் 1AB என்றும் இருக்கும். தேடி ஒன்றும் வராவிட்டால், 1-ஐ எடுத்துவிட்டோ சேர்த்தோ பாருங்கள்.

தேடல் தோற்பதற்கு இன்னொரு காரணம், எழுத்தைத் தவறாகப் படிப்பது. G, I, O, Q, S, Z ஆகிய ஆறு எழுத்துகளும் இந்த எண்ணில் வரவே வராது. O மாதிரி தெரிந்தால் அது பூஜ்யம். S மாதிரி தெரிந்தால் 5. B-யும் 8-ம் இரண்டுமே வரலாம் என்பதால், அங்கே மட்டும் வெளிச்சத்தை மாற்றி இரண்டாவது படம் எடுங்கள்.

இனி தேதி. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஞாயிறு முதல் சனி வரை உள்ள முதல் முழு வாரமே 01. அந்த ஆண்டு அது ஜனவரி 6-ல் தொடங்கியது. அதன்படி எண்ணினால் ஜூன் 9 முதல் 15 வரை. எந்த நாள், எந்த ஷிஃப்ட் என்பது இதில் கிடையாது.

பிராண்டின் பெயரும் ஆலையும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். சென்னையைச் சுற்றியே திருவொற்றியூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்க்கண்டிகை என்று டயர் ஆலைகள் இருக்கின்றன. ஒரு நிறுவனத்துக்குப் பல ஆலைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. நான்கு டயரிலும் ஒரே பெயர் இருந்தும் ஆலை வேறாக இருப்பது சகஜம்.

மயிலாப்பூர்: என் டயரில் வட்டத்துக்குள் E4 என்று இருக்கிறது. நெதர்லாந்தில் செய்தது என்று கடைக்காரர் சொல்லி விலை கூட்டினார்.

அது ஊர்க் குறி அல்ல. அந்த மாடலுக்கு ஐரோப்பிய விதிப்படி ஒப்புதல் கொடுத்த நாட்டின் எண். 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். ஸ்ரீபெரும்புதூரில் செய்த டயரிலும் E4 இருக்கலாம். செய்த நாடு ‘மேட் இன்’ என்று தொடங்கும் வரியில், பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். அதையும் ஆலைக் குறியீட்டையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

பெரம்பூர் வாசகி: ஸ்கூட்டர் டயரில் DOT-ஏ இல்லை. போலியா?

இல்லை. அமெரிக்காவுக்குப் போகாத டயருக்கு அது தேவையில்லை. அதற்குப் பதிலாக ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள், 2009-ல் வந்த ஆணையின்படி இங்கே அது கட்டாயம். முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும், இருசக்கர டயருக்கு IS 15627. கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். உரிமம் நிறுவனத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனி. அதனால் அந்த எண்ணே ஆலையைக் காட்டிக்கொடுக்கும். BIS Care செயலியில் Verify Licence Details பகுதியில் எண்ணைப் போட்டால், உரிமம் வாங்கியவரின் பெயரும் முகவரியும் உரிமம் நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். ஐஎஸ்ஐ இருந்தால் இந்தியத் தயாரிப்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வெளிநாட்டு ஆலைகளும் இங்கே விற்க இந்த உரிமம் வாங்குகின்றன.

புதுப்பேட்டையில் பழைய டயர் வாங்கியவர்: தேதி மட்டும் தனிச் சில்லு ஒட்டியது போல விளிம்போடு தெரிகிறது. மாற்றி ஒட்டியிருப்பார்களா?

அந்த விளிம்பு இருப்பது நல்லதுதான். டயர் வேகும் அச்சில் தேதிக்கு மட்டும் கழற்றி மாட்டும் சிறு தகடு உண்டு. வாரம் மாறினால் அதை மட்டும் மாற்றுவார்கள், அதன் ஓரம் ரப்பரில் பதிகிறது. சில டயர்களில் தேதியை லேசரால் பொறிப்பதும் உண்டு.

சந்தேகப்பட வேண்டியது வேறு. தேதியைச் சுற்றி மட்டும் ரப்பர் வழவழப்பாகவோ, கிரைண்டர் பட்டது போல நேர்கோடுகளோடோ இருந்தால் வாங்காதீர்கள். தேதி இருக்கும் இடம் மட்டும் சுற்றியுள்ள பரப்பைவிடப் பள்ளமாக இருந்தாலும் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி ஒரு டயரைக் கொண்டுவந்தார். எண் 2022 என்றது, பக்கவாட்டிலோ தலைமுடி மாதிரி வெடிப்புகள். விரலால் தடவியபோதே அந்த இடம் மட்டும் அமுங்கியிருந்தது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

தாம்பரம்: பழைய காரின் ஸ்டெப்னியில் 378 என்று மூன்றே எண்கள். என்ன ஆண்டு?

2000-க்கு முன்னால் செய்தது. 37-வது வாரம், 8-ல் முடியும் ஆண்டு. பக்கத்தில் சின்ன முக்கோணம் இருந்தால் தொண்ணூறுகளைச் சேர்ந்தது, அதாவது 1998. ஓடாமலே இருந்திருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். ஓட்டிப் பார்க்காமல் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.