பனிக்கட்டி முழுதும் உருகுமா? கலவைக் கணக்கும் நீள் விரிவும்: கேள்வி பதில்

30°C நீர் 100 கிராம். அதில் 0°C பனிக்கட்டி 50 கிராம். கலவையின் இறுதி வெப்பநிலை எனக்கு −6.7°C வருகிறது. ஆப்ஷனில் 266.3 K இருக்கிறது. அதையே குறிக்கலாமா?

வேண்டாம், அந்த ஆப்ஷன் உங்களுக்காகவே வைத்த பொறி. பனிக்கட்டி முழுக்க உருகிவிட்டது என்று முன்கூட்டியே முடிவுசெய்து சமன்பாடு போட்டிருக்கிறீர்கள்:

50×80 + 50T = 100(30 − T)

முதலில் கையிருப்பைப் பாருங்கள். நீர் 0°C வரை குளிர்ந்தால் தரக்கூடியது 100×30 = 3000 கலோரி. பனிக்கட்டி முழுதும் உருகக் கேட்பது, கிராமுக்கு 80 கலோரி வீதம், 4000 கலோரி. வரவு போதாது. உருகுவது 3000/80 = 37.5 கிராம், மீதி 12.5 கிராம் பனிக்கட்டியாகவே மிதக்கும். ஆகவே விடை 0°C, அதாவது 273 K.

இதே கணக்கில் "இடம்மாறிய வெப்பம் எவ்வளவு?" என்று கேட்டு, 3000 J, 12.6 kJ என இரண்டையும் தருவார்கள். நம்மிடம் இருப்பது கலோரி. 4.2-ஆல் பெருக்கினால் 12.6 kJ. எண் ஒத்துப்போகிறதே என்று 3000 J-ஐத் தொடாதீர்கள்.

நான் எப்போதும் கெல்வினில்தான் போடுவேன். தண்டவாளத்தின் நீள் விரிவுக் கணக்கிலும் 25°C உயர்வை 298 ஆக்கினேன். தப்பா?

பாதி சரி. கலவைக் கணக்கில் எல்லா வெப்பநிலையையும் கெல்வினில் எழுதினால் கழிக்கும்போது 273 தானே போய்விடும். ஆனால் உயர்வு என்பதே கழித்து வந்த எண். அதோடு 273 கூட்டக் கூடாது. 25°C உயர்வு என்றால் 25 K உயர்வு. 45°F உயர்வு என்று கொடுத்தால் மட்டும் 1.8-ஆல் வகுத்து 25 ஆக்குங்கள்.

அதே தண்டவாளம்: 12 மீட்டர் எஃகு, நீள் விரிவுக் குணகம் α = 1.2×10⁻⁵ /°C, உயர்வு 25°C. நீள அதிகரிப்பு ΔL எனக்கு 3.6×10⁻³ வந்தது, செ.மீ. என்று குறித்தேன். தவறு என்கிறார்கள்.

α-வில் நீள அலகே கிடையாது. L எந்த அலகில் போனதோ ΔL அதே அலகில்தான் வரும். நீங்கள் போட்டது மீட்டர், வந்ததும் மீட்டர்: 3.6 மி.மீ. அல்லது 0.36 செ.மீ. ஆப்ஷனைப் பார்க்கும் முன்பே அலகை எழுதிவிடுங்கள்.

ஆய்வகத்தில் கலவை முறையில் செம்பின் தன்வெப்பம் எங்களுக்கு 0.093-க்குப் பதில் 0.11 கலோரி வருகிறது. வெப்பம் வெளியே போவதால்தானே?

வெளியே போனால் குறைவாக அல்லவா வரும்? கொதிநீரிலிருந்து எடுத்த செம்புத் துண்டை அப்படியே குளிர்நீரில் போட்டீர்களா? ஒட்டி வரும் 1 கிராம் கொதிநீர், சுமார் 11 கிராம் செம்புக்குச் சமமான வெப்பம் கொண்டுவரும். துண்டை நீரில் அமிழ்த்தாமல், நீராவி சூழ்ந்த குழாய்க்குள் உலர்வாகச் சூடாக்கிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 0.11 வந்தால் தெர்மாமீட்டரைச் சந்தேகிக்கலாம். எடைகளையும் இரு வெப்பநிலைகளையும் தராமல் இதற்குமேல் சொல்ல முடியாது.