314t + 30°: டிகிரியா, ரேடியனா?

கேள்வி: ஏசி சர்க்யூட் கணக்கில் சூத்திரம் சரியாகப் போட்டும் விடை தப்பாக வருகிறது. கால்குலேட்டரை டிகிரியில் வைப்பதா, ரேடியனில் வைப்பதா? தப்பு விடையைத் தேர்வு ஹாலிலேயே பிடிக்க வழி உண்டா?

எந்த மோடில் வைத்தாலும் தப்பாகவே வரும் கணக்கு ஒன்று உண்டு. தண்டையார்பேட்டையில் சாயங்கால நேரத்தில் டிப்ளமோ பிள்ளைகளுக்கு சர்க்யூட் தியரி சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கில்தான்:

v = 325 sin(314t + 30°)

t = 2 மில்லி செகண்ட் ஆகும்போது வோல்டேஜ் எவ்வளவு?

அடைப்புக்குள் இரண்டு அளவுகள் கலந்து கிடக்கின்றன. 314 என்பது 2π × 50. அதாவது ஒரு வினாடிக்கு 314 ரேடியன். அப்படியானால் 314 × 0.002 = 0.628 என்பது ரேடியன். அதன் பக்கத்தில் உள்ள 30 மட்டும் டிகிரி. புத்தகங்களில் வழக்கமாக இப்படித்தான் அச்சிடுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் கால்குலேட்டருக்கு அந்தக் குட்டி வட்டம் தெரியாது. இரண்டையும் கூட்டி 30.628 என்று எடுத்துக்கொள்ளும்.

டிகிரி மோடில் போட்டால் 165.6 வோல்ட் வரும். ரேடியன் மோடில் போட்டால் −230.4 வரும். சரியான விடை சுமார் 297 வோல்ட்.

அந்த −230.4 குறித்து எனக்குக் கவலை அதிகம். வீட்டு லைன் 230 வோல்ட் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் "மைனஸ் எங்கேயோ தவறி வந்திருக்கு" என்று அதை மட்டும் அடித்துவிட்டு எழுதிவிடத் தோன்றும். அந்த 230 தற்செயலாக வந்து விழுந்தது, லைன் வோல்டேஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 165.6 இன்னும் மோசம். மைனஸ் இல்லை, 325க்குள் இருக்கிறது, சந்தேகப்பட எதுவுமே இல்லாத எண்.

இதைப் பிடிக்க வேறு சூத்திரம் வேண்டாம். நம் பக்கத்து அத்திப்பட்டில் இருக்கும் அனல் மின் நிலைய ஜெனரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அது நிமிடத்துக்கு 3000 சுற்று, வினாடிக்கு 50 சுற்று. ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது 360 டிகிரிக்கு, 20 மில்லி செகண்ட். ஆக ஒரு மில்லி செகண்டுக்கு 18 டிகிரி. இந்த 18ஐ மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். 50 ஹெர்ட்ஸ் கணக்கு எதுவாக இருந்தாலும் உதவும்.

இப்போது நம் கணக்கு. தொடக்கத்தில், t = 0 என்றால், sin 30° = 0.5, வோல்டேஜ் 162.5. உச்சத்தைத் தொட 90 டிகிரி வேண்டும், இன்னும் 60 டிகிரி பாக்கி. 60ஐ 18ஆல் வகுத்தால் 3.3 மில்லி செகண்ட். 2 மில்லி செகண்டில் பாதி வழியைத் தாண்டியாயிற்று. அப்படியிருக்க வோல்டேஜ் 162.5லிருந்து வெறும் 3 வோல்ட் ஏறி 165.6ல் நிற்க முடியுமா? மைனஸுக்குப் போகவும் வழியில்லை, இன்னும் உச்சத்தையே தொடவில்லையே. 2 × 18 = 36, அதோடு 30 சேர்த்தால் 66 டிகிரி. sin 60° என்பதே 0.866, அதனால் விடை 281ஐத் தாண்டி, 325க்குக் கீழே இருந்தாக வேண்டும். 297 அதற்குள் வருகிறது, மற்ற இரண்டும் வரவில்லை. பேனா எடுக்காமலே இதைச் செய்துவிடலாம்.

கணக்கைச் சரியாகப் போட, ரேடியன் பகுதியை 180/π ஆல் பெருக்கி டிகிரியாக்கலாம், அல்லது 30ஐ π/6 என்று எழுதி ரேடியன் மோடுக்குப் போகலாம். இன்னொரு வழியும் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. fx-991MS, fx-991ES Plus இரண்டிலும் Ans பட்டனுக்கு மேலே DRG▸ என்று இருக்கும். மோடை டிகிரியிலேயே வைத்துக்கொண்டு (314×0.002) அடித்து, SHIFT Ans தட்டி, வரும் பட்டியலில் ரேடியனுக்கான 2ஐத் தேர்ந்தால், அந்த எண்ணுக்கு மேல் சின்னதாக r விழும். பிறகு + 30. இனி கால்குலேட்டர் அந்த ஒரு எண்ணை மட்டும் ரேடியனாக எடுத்துக்கொள்ளும். அடைப்புக்குறியை விட்டால் r குறி 0.002க்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும். பெருக்கலில் அதனால் விடை மாறாது என்றாலும், அடைப்புக்குறியோடு அடித்துப் பழகுங்கள். கூட்டல் வரும்போது மாறிவிடும்.

பவர் ஃபேக்டர் கணக்கில் வரும் தப்பு வேறு மாதிரி. R = 8 ஓம், X = 6 ஓம், சப்ளை 230 வோல்ட் என்று வையுங்கள். இம்பிடன்ஸ் 10 ஓம், கரண்ட் 23 ஆம்பியர், கோணம் 36.87 டிகிரி. பவர் 230 × 23 × cos 36.87° = 4232 வாட். ரேடியன் மோடில் cos 36.87 போட்டால் 0.6755 வரும். பவர் ஃபேக்டர் என்று நம்பத்தக்க எண்தான், விடை 3573 வாட். பார்த்தால் குறையே தெரியாது. இங்கே கோணத்தைத் தொடாத வழியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: I²R = 23 × 23 × 8 = 4232. அல்லது R/Z = 0.8. கோணம் வழியாக வந்த விடையும் கோணமில்லாமல் வந்த விடையும் பொருந்தவில்லை என்றால் மோடைப் பாருங்கள்.

இதே கணக்கில் முழுக்க ரேடியன் மோடிலேயே இருந்தால் இன்னொன்று நடக்கும். tan⁻¹(6/8) போட்டால் 0.6435 வரும், அதை அப்படியே cosக்குள் போட்டால் சரியாக 0.8 வந்துவிடும். பவர் சரி, ஆனால் பேப்பரில் "φ = 0.6435°" என்று எழுதியிருப்பீர்கள், அங்கே மார்க் போகும். X, Rக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்போது கோணம் 45 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கும் கீழே வந்தால் அது ரேடியன். 57.3ஆல் பெருக்கிப் பாருங்கள், 36.87 வந்துவிடும்.

இந்தத் தோராயக் கணக்கு எதுவும் பிடிக்காத இடமும் இருக்கிறது. cos 0.1 ரேடியன் என்றால் 0.995, டிகிரி மோடில் 0.9999985. பெருக்கிய பிறகு வித்தியாசம் அரை சதவீதம்தான், கண்ணுக்குத் தட்டாது. அதனால் பேப்பர் கையில் வருவதற்கு முன்பே sin 30 போட்டுவிடுங்கள். 0.5 வந்தால் டிகிரி, −0.988 வந்தால் ரேடியன், 0.454 வந்தால் மூன்றாவதான Gra மோடு. பக்கத்து பெஞ்சில் இரவல் வாங்கிய கால்குலேட்டர் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள், முந்தைய நாள் மேத்ஸ் பேப்பருக்கு அதன் சொந்தக்காரர் எந்த மோடில் விட்டாரோ தெரியாது. மாற்றுவதற்கு ES Plusல் SHIFT MODE தட்டி 3 என்றால் டிகிரி, 4 என்றால் ரேடியன். MSல் திரையில் Deg Rad Gra வரும் வரை MODEஐத் தட்டிக்கொண்டே போய் 1 அல்லது 2. திரையின் மேலே D, R, G என்று ஒற்றை எழுத்து நிற்கும்.