பதினோராம் நாள் வந்த ஒரு சொல்

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயது. வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு கோட்டையில் கணக்காளராக வேலை செய்கிறேன். நான்கு வருடங்களாக ஒருவரை விரும்புகிறேன். அவர் அன்பாக இருக்கும் நாட்களில் என்னை அவரைப் போல யாரும் தாங்கியதில்லை. திடீரென்று ஒரு நாள் மாறிவிடுவார். ஒரு கிழமை, சில வேளை இரண்டு கிழமை, தொலைபேசியை எடுக்க மாட்டார். அந்த நாட்களிலும் நண்பர்களோடு சிரித்தபடி படங்கள் போடுவார். பிறகு எதுவுமே நடக்காதது போல வருவார். ஏன் என்று கேட்டால், "பழசை ஏன் கிளறுகிறாய்?" என்பார். விட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை முடிவெடுத்தேன். முடியவில்லை. படித்தவள், சம்பாதிக்கிறவள், எனக்கு ஏன் இது முடியவில்லை? அவர் வேண்டுமென்றே செய்கிறாரா? இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்.

பெயர் வேண்டாம்,
வெள்ளவத்தை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு ஒரு தோழியின் ஞாபகம் வந்தது. அவர் அனுமதித்ததால், அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, பம்பலப்பிட்டியில் கடலோரமாக இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் தொலைபேசியைத் திரை கீழே இருக்கும்படி மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பிப் பார்ப்பார், மறுபடி கவிழ்ப்பார். அன்று அந்த மனிதர் பேசாமல் விட்டுப் பதினோராம் நாள். ரயில் ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் கடந்து போனபோது திரை ஒளிர்ந்தது. வந்தது ஒரே சொல்: "சாப்பிட்டாயா?" தோழி அழுதுவிட்டார். "பார், என் மேல் எவ்வளவு அக்கறை!" என்றார்.

அந்தச் சொல்லைப் பற்றி நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நம் வீடுகளில் "சாப்பிட்டாயா?" என்பது அம்மா கேட்பது, பக்கத்து வீட்டு மாமி கேட்பது. யாரும் அதற்கு அழுவதில்லை. அன்று அதற்கு அவ்வளவு பெறுமதி வந்தது எப்படி? பதினொரு நாள் பட்டினியால் வந்தது. வலியைக் கொடுத்தவரே அதை நிறுத்தினார். வலி நின்ற ஆறுதலைத் தோழி அன்பு என்று எண்ணினார். உங்களை அவரைப் போல யாரும் தாங்கியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களின் இனிமையில் எவ்வளவு அவர் தந்தது, எவ்வளவு அதற்கு முந்திய மௌனம் முடிந்ததால் வந்தது என்று ஒரு தடவை பிரித்துப் பார்க்கச் சொல்வேன்.

படித்தவளுக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் படிப்புக்கு அதிகம் வேலையில்லை. உங்களை அலுவலகத்துக்கு ஏற்றிச் செல்லும் வான் ஒவ்வொரு நாளும் 6.50க்கு வருகிறது என்று வையுங்கள். ஒரு நாள் 7.15 வரை வரவில்லை என்றால், ஏதோ பிழை என்று புரிந்துகொண்டு ஒரு ஆட்டோவைப் பிடித்துப் போய்விடுவீர்கள். இரவு ஒன்பதரைக்குக் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்பது அப்படி அல்ல. சில நாள் ஐந்து நிமிடத்தில் வரும், சில நாள் முக்கால் மணித்தியாலம். வராத ஒவ்வொரு நிமிடமும், "இனி வந்துவிடும், இவ்வளவு நேரம் நின்றாயிற்று" என்றே மனம் சொல்லும். வழமையாக வருவது ஒருநாள் வராவிட்டால் சீக்கிரம் கைவிடுகிறோம். எப்போது வரும் என்று தெரியாததற்காகவே நெடுநேரம் நிற்கிறோம்.

இதை ஆய்வுகூடத்தில் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்கினர். சார்ள்ஸ் ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து புறாக்களை வைத்து அவர் செய்த பரிசோதனைகள் 1957இல் நூலாக வெளிவந்தன. புறா ஒரு சிறு தட்டைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஒழுங்கில்லாமல், எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் பழகிய புறா, தானியம் முற்றாக நின்ற பிறகும் ஆயிரக்கணக்கான தடவை கொத்திக்கொண்டே இருக்கும். மனிதர் புறா அல்ல. நமக்கு ஞாபகங்கள் உண்டு, எதிர்காலத்தைப் பற்றிய கனவு உண்டு, ஊருக்கு என்ன சொல்வது என்ற பயம் உண்டு. ஆனால் அவையெல்லாம் இந்தப் பிடியை இறுக்குகின்றனவே தவிரத் தளர்த்துவதில்லை.

அவர் வேண்டுமென்றே செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இந்தப் பிடி விழுவதற்கு அவருடைய திட்டம் தேவையில்லை. தன் மனநிலைப்படி வந்து போகும் ஒருவரிடமும் இதே கட்டு உண்டாகும். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மனச்சோர்வு நோயாலும் ஒருவர் ஒதுங்கிப் போகலாம். அப்படியானால் அது உங்களோடு மட்டும் நிற்காது. சாப்பாடு, தூக்கம், வேலை, நண்பர்கள் எல்லாவற்றிலும் தெரியும், தெளிந்த பிறகு அதைப் பற்றிக் கதைக்கவும் முடியும். "எனக்கு இரண்டு நாள் தனிமை வேண்டும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்குபவரும் வேறு. நீங்கள் சொல்பவர் மற்ற எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு இருக்கிறார். கேட்டால் கேள்வியையே குற்றமாக்குகிறார். அந்த "பழசை ஏன் கிளறுகிறாய்?" தான் மௌனத்தை விட என்னைக் கவலைப்பட வைத்தது. நடந்ததைப் பற்றி ஒருபோதும் கதைக்க முடியாது என்றால், அது மறுபடி நடக்காமல் இருக்க நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

என் தோழியும் காரணம் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் நானும் அவரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். சமையலறையில் தொங்கிய நாட்காட்டியில், அந்த மனிதர் அன்பாகக் கதைத்த நாளுக்கு மட்டும் நீலப் பென்சிலால் வட்டம். ஒரு கொப்பியில், மௌனம் தொடங்குவதற்கு முதல் நாள் என்ன நடந்தது, முடிவதற்கு முதல் நாள் என்ன நடந்தது என்று இரண்டு இரண்டு வரி. பன்னிரண்டு கிழமைகள், 84 நாட்கள். கணக்குப் பார்த்தபோது ஐந்து மௌனங்கள், எல்லாம் சேர்த்து 48 நாட்கள். நீல வட்டம் 19. மீதி 17 நாட்கள் இன்றைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து பயந்து பேசியவை. அதற்கு முன் தோழியைக் கேட்டிருந்தால், "முக்கால்வாசி நாள் நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று சத்தியம் செய்திருப்பார்.

தொடக்கங்களுக்குக் காரணம் தேடியவர் அதில்தான் திகைத்துப்போனார். ஒரு தடவை அடிக்கடி அழைத்ததற்கு. இன்னொரு தடவை அழைக்காமல் இருந்ததற்கு. ஒரு தடவை பதவி உயர்வு கிடைத்ததைச் சொன்ன மறுநாள். இரண்டு தடவை எதுவுமே இல்லை. இத்தனை காலமும் சரியான நடத்தையைக் கண்டுபிடித்தால் மௌனம் வராது என்று நம்பி உடையை மாற்றி, பேச்சைக் குறைத்து, தோழிகளை விட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டு வந்தவர் அவர். கொப்பியில் அப்படி ஒரு விதியே இல்லை. முடிவுகளில் மட்டும் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஐந்தில் நான்கு தடவை, தோழி அழைப்பதை நிறுத்திய பிறகு, அல்லது யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகப் போவதாக யாரிடமோ சொன்ன பிறகுதான் அன்பு திரும்பி வந்திருந்தது. தோழி காட்டிய கனிவுக்கு அது வரவில்லை, தோழி விலகத் தொடங்கியதற்கு வந்தது.

நீங்கள் எத்தனையோ தடவை முடிவெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவுகளை எந்த நாட்களில் எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மௌனத்தின் நடுவில் எடுத்திருப்பீர்கள். அந்த நேரம் மனம் கேட்பது மௌனம் முடிய வேண்டும் என்பதையே. ஆகவே "சாப்பிட்டாயா?" வந்ததும் முடிவு கரைந்துபோகிறது, கேட்டது கிடைத்துவிட்டதே. என் தோழி ஒரு நீல வட்ட நாளில், அந்த மனிதர் இனிமையாகப் பேசிய அன்றே, நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் முடிவெடுத்தார்.

அதன் பிறகு வரும் நாட்களைப் பற்றி யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்வதில்லை. அதனால்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். தானியம் நின்றவுடன் புறா முதலில் முன்னைவிட வேகமாகக் கொத்தும், பிறகுதான் ஓயும். உங்களுக்கும் முதல் சில கிழமைகள் முன்னைவிட மோசமாக இருக்கும். அவரும் முன்பு ஒருபோதும் வராத அளவுக்கு வருவார்: நீண்ட கடிதங்கள், அலுவலக வாசலில் காத்திருப்பு, திருமணப் பேச்சு. மூன்று கிழமை தாக்குப்பிடித்துவிட்டு ஒரே ஒரு பதில் அனுப்பினால், இருபது தடவை தட்டினால் கதவு திறக்கும் என்று அவரும் பழகுகிறார், மூன்று கிழமை பொறுத்தால் கிடைக்கும் என்று உங்கள் மனமும் பழகுகிறது. அதனால் இலக்கத்தை முற்றாகத் தடுத்துவிடுவது நல்லது. புத்தகம், சாவி, கொடுத்த பணம் எதுவானாலும் முதலிலேயே மூன்றாமவர் மூலம் முடித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் ஒரு புத்தகம் சந்திப்பதற்குச் சாட்டாகிவிடும்.

அந்த ஏக்கத்தை அன்பின் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கனடாவைச் சேர்ந்த டொனால்ட் டட்டன், சூசன் பெயின்ரர் என்ற இரு ஆய்வாளர்கள், தம்மைத் துன்புறுத்திய துணையிடமிருந்து விலகிய 75 பெண்களை விலகிய கொஞ்ச காலத்திலும், மீண்டும் ஆறு மாதம் கழித்தும் பேட்டி கண்டார்கள். 1993இல் வெளிவந்த அந்த ஆய்வில், ஆறு மாதத்தில் பற்று ஏறக்குறையக் கால்வாசிதான் குறைந்திருந்தது. நல்லதும் கெட்டதும் மாறி மாறி, கணிக்க முடியாமல் வந்த உறவுகளில் பிடிப்பும் கூடுதலாக இருந்தது. ஆகவே நான்காம் மாதத்திலும் அவருக்காக அழுதால், விலகியது பிழை என்று அர்த்தமில்லை. அது அப்படித்தான் மெதுவாகக் குறையும்.

இன்னொன்று. நீங்கள் எழுதாத ஒன்று இருந்தால், அதாவது கை ஓங்குதல், பின்தொடர்தல், படங்களை வெளியிடுவேன் என்ற மிரட்டல், அப்படியானால் நாட்காட்டிக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. அழையுங்கள். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவருக்காவது இன்றே முழுவதையும் சொல்லுங்கள். நான்கு வருடத்தில் எத்தனை தோழிகளிடம் கதைப்பதை விட்டீர்களோ, அவர்களில் ஒருத்தியை அழைப்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

கடிதத்தின் கடைசி வரியில், இப்போது நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நேரம் சரியாக இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, அந்தக் கடிதம் எழுதிய திகதியைப் போட்டு, அந்த வரியையே முதல் வரியாக எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து எனக்கு அந்தக் கொப்பியைப் பற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா