கடைசி வரியை முழுதாகப் படியுங்கள்: வெளிநாட்டு பார்சல் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: வெளிநாட்டு கொரியரின் தளத்தில் டெலிவரி ஆகவில்லை என்று வந்திருக்கிறது, அடுத்து என்ன? பாலக்காட்டு எல்லையோர ஊர்களிலிருந்துதான் அதிகம். வழக்கம்போல ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அந்தத் தளத்தில் நீங்கள் பார்க்கும் அநேகமாக ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் எங்கேயோ வைத்து செய்த ஸ்கேன். பார்சல் இப்போது யார் கையில் இருக்கிறது, அடுத்த வேலை யாருடையது என்ற இரண்டும் அந்த வரியில் இருக்கும். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பில் இருக்காது.

என் பார்சல் ‘எக்ஸெப்ஷன்’ என்று காட்டுகிறது. அவசரம். உடனே பதில் தேவை. (ஊர் பெயர் எழுதாத வாசகர்)

எந்த கொரியர், எந்த நாட்டிலிருந்து, அந்தச் சொல்லுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது, எந்த ஊர், எத்தனை மணி? ஒன்றுமே இல்லாமல் பதில் கேட்டால் யார் சொல்ல முடியும்? Exception என்பது வெறும் தலைப்பு. கஸ்டம்ஸ் நிறுத்தினாலும் அதுதான், விலாசம் தவறானாலும் அதுதான், மழையில் வண்டி வராவிட்டாலும் அதுதான். தளத்தின் அடிப்பகுதி வரை வாருங்கள், முழு விவரத்தையும் திறங்கள், படம் எடுத்து அனுப்புங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து பார்சல் அனுப்பிப் பத்து நாளாகிறது. தளத்தில் `Shipping Label Created, USPS Awaiting Item` என்றே நிற்கிறது. தொலைந்துவிட்டதா? (சித்தூர்)

தொலையவில்லை. அமெரிக்கத் தபால் துறையின் கைக்கே இன்னும் போகவில்லை. அண்ணன் லேபிளை அச்சிட்டிருக்கிறார், அவ்வளவுதான். பெட்டி அவர் வீட்டிலோ, கொடுத்த கடையிலோ இருக்கும். நீங்கள் இங்கே யாருக்கும் போன் செய்ய வேண்டாம், அண்ணனைக் கேளுங்கள்.

`Clearance delay - Import` என்று மூன்று நாளாக இருக்கிறது. பரிசுப் பொருள்தான், பெட்டி மேலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஏன் நிறுத்த வேண்டும்? (கொழிஞ்சாம்பாறை)

பரிசு என்று எழுதினால் வரி இல்லை என்ற காலம் 2019 டிசம்பரோடு போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் அந்தச் சலுகை மிச்சம். மற்றவற்றுக்கு, பரிசானாலும், வரி உண்டு.

ஆனால் மூன்று நாள் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வரியாக இருக்காது, கேஒய்சியாக இருக்கும். பெறுபவரின் அடையாளச் சான்று இல்லாமல் கொரியர் நிறுவனம் கஸ்டம்ஸில் தாக்கல் செய்ய முடியாது. அதைக் கேட்டு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வந்திருக்கும். அனுப்பியவர் உங்கள் எண்ணுக்குப் பதில் தன் எண்ணையே எழுதியிருந்தால் அது அவருக்குப் போயிருக்கும். அங்கே கேட்டுப் பாருங்கள். லேபிளில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே சான்றிலும் இருக்க வேண்டும். ‘மணி அண்ணா’ என்று அனுப்பிவிட்டு ‘சுப்பிரமணியன்’ ஆதாரைக் கொடுத்தால் மறுபடி நிற்கும். தாமதித்தால் கிடங்கு வாடகையும் ஏறும்.

எங்கள் ஊர் கேரளம், பக்கத்து நகரம் கோவை. கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய பெட்டி கோவை வரை வந்துவிட்டு `Incorrect address` என்கிறது. விலாசம் சரியாகத்தான் இருக்கிறது. (வேலந்தாவளம்)

சரியாக இல்லை. நீங்கள் அனுப்பிய லேபிள் படத்தை வைத்துச் சொல்கிறேன். ஊர் வேலந்தாவளம், நகரம் கோயம்புத்தூர், மாநிலம் தமிழ்நாடு, பின்கோடு 678-இல் தொடங்குகிறது. 67, 68, 69 எல்லாம் கேரளம். 678 பாலக்காட்டுப் பக்கம். ஒரே விலாசத்தில் இரண்டு மாநிலங்கள் இருக்கின்றன.

எத்தனை தடவை எழுதியாயிற்று! சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாம் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போகிறோம் என்பது நமக்குத் தெரியும், கனடாவில் லேபிள் அடிக்கும் இயந்திரத்துக்குத் தெரியாது. ‘கோவை வழி’ என்று எழுதினால் வெளிநாட்டுத் தளத்தில் அது நகரத்துக்கான கட்டத்தில் ஏறிவிடும். தங்கையைக் குறை சொல்லாதீர்கள், விலாசத்தை வாட்ஸ்ஆப்பில் அப்படி அனுப்பியது நீங்கள்.

இப்போது வரிகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். திங்கள், `International shipment release - Import`: கஸ்டம்ஸ் முடிந்துவிட்டது, அந்தக் கவலை இல்லை. செவ்வாய் காலை, கோவையில் `At local FedEx facility`: நகரத்தின் பெயரைப் பார்த்து அங்கே அனுப்பியிருக்கிறார்கள். அன்று பதினொன்றரை வாக்கில் `Incorrect address`. இந்த இரண்டுக்கும் நடுவில் `On FedEx vehicle for delivery` என்ற வரி இருக்கிறதா? இல்லை. அதாவது வண்டி கிளம்பவே இல்லை. மேசையிலேயே பின்கோட்டைப் பார்த்து, இது நம் எல்லைக்குள் வராது என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் காத்திருந்து பயனில்லை.

உங்களுக்கு இரண்டு வழி. முதலாவது விலாசத்தைத் திருத்துவது. வீட்டு எண், தெரு, அடையாளம் ஆகியவற்றை நீங்களே போனில் சொல்லிச் சேர்க்கலாம். நகரமும் மாநிலமும் மாறுகிறது என்றால் பெரும்பாலும் அனுப்பியவர் சொன்னால்தான் கேட்பார்கள். யாரோ ஒருவர் போன் செய்து பெட்டியை வேறு ஊருக்குத் திருப்பிவிடக் கூடாது என்பதற்கான காவல் அது, கோபப்பட வேண்டாம். தங்கை அங்கிருந்து தன் கணக்கில் அல்லது போனில் சொல்ல வேண்டியது இது: நகரம் பாலக்காடு, மாநிலம் கேரளம், பின்கோடு அப்படியே இருக்கட்டும். திருத்திய பிறகு பெட்டி இன்னொரு கிளைக்குப் போய், அங்கிருந்து உள்ளூர் ஏஜென்ட் கைக்கு வரும். நாலைந்து நாள் கூடும்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. பெட்டி இருப்பது கோவையில், உங்கள் ஊரிலிருந்து பஸ் இருக்கிறது. போன் செய்து, பெட்டியை அங்கேயே வைத்திருங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்கள் சரி என்று சொல்லி, தளத்திலும் அது பதிவான பிறகு கிளம்புங்கள். கிளை விலாசத்தையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அசல் ஆதார், டிராக்கிங் எண், வரி பாக்கி இருந்தால் அந்தத் தொகை, எல்லாம் கையோடு இருக்கட்டும். இதை இந்த வாரமே செய்ய வேண்டும். விலாசத்தால் நின்ற பெட்டியைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்கள், பிறகு அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். திரும்புகிறது என்ற ஸ்கேன் விழுந்துவிட்டால் இங்கிருந்து நிறுத்துவது மிகவும் கடினம்.

இனி எல்லையோரத்தில் இருக்கும் எல்லோரும் விலாசத்தில் பக்கத்து மாநில நகரத்தின் பெயரை அடியோடு எடுத்துவிடுங்கள். பின்கோடு எந்த மாநிலமோ அதே மாநிலம், அதே மாவட்டம். அடையாளத்துக்கு அரச மரமோ ரேஷன் கடையோ எழுதுங்கள், கோவையை எழுதாதீர்கள்.

நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். `Customer not available or business closed` என்று போட்டுவிட்டார்கள். (கோவிந்தாபுரம்)

மேலே சொன்ன அதே சோதனைதான். அன்றைய தேதியில் வண்டி கிளம்பிய ஸ்கேன் இருக்கிறதா? இல்லையென்றால் யாரும் வரவில்லை. இருக்கிறது, ஆனால் இந்த வரி இரவு எட்டு மணிக்குப் பதிவாகியிருக்கிறது என்றால், சுற்று முடியாமல் மிச்சத்தை மொத்தமாகக் கணக்கு முடித்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் அடுத்த நாள் காலையிலேயே டிராக்கிங் எண்ணோடு புகார் பதியுங்கள், புகார் எண் வாங்குங்கள். இரண்டாவது கைபேசி எண் ஒன்றும் கொடுங்கள். எல்லையில் டவர் மாறி மாறிப் பிடிக்கிற வீட்டில் ஒரே எண் போதாது.

இங்கிலாந்திலிருந்து வரும் பார்சல். எண் இரண்டு எழுத்தில் தொடங்கி GB என்று முடிகிறது. அந்த நாட்டுத் தளத்தில் கிளம்பியதோடு சரி. நடுவில், ‘விலாசம் குறைவு, 48 மணி நேரத்தில் புதுப்பிக்கவும்’ என்று ஒரு குறுஞ்செய்தியும் லிங்க்கும் வந்தது. (மூணாறு)

இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து என்றால் அது கொரியர் அல்ல, தபால். முதல் எழுத்து R என்றால் பதிவுத் தபால், C என்றால் பார்சல், E என்றால் விரைவுத் தபால். நம் நாட்டுக்குள் வந்த பிறகு அதே எண்ணை இந்தியத் தபால் துறையின் தளத்தில் போட வேண்டும். அங்கே கஸ்டம்ஸில் இருப்பதாக வந்தால் காத்திருங்கள். வரி விதித்திருந்தால் டெலிவரியின்போது தபால்காரர் வாங்கிக்கொண்டு ரசீது தருவார்.

அந்தக் குறுஞ்செய்தி மோசடி. தபால் துறை இப்படி லிங்க் அனுப்புவதில்லை. இதே வாசகத்தில் வரும் செய்தி போலியானது என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே சொல்லியிருக்கிறது. கொரியரானாலும் இதே விதிதான்: செய்தியில் வந்த லிங்க்கைத் தொடாதீர்கள், தளத்தின் பெயரை நீங்களே அடித்து, எண்ணைப் போட்டு, அங்கே பாக்கி காட்டினால் மட்டும் கட்டுங்கள். கார்டு எண் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, 1930-க்கும் வங்கிக்கும் போன் செய்யுங்கள்.

மகன் ஜெர்மனியில் படிக்கிறான். நாங்கள் அனுப்பிய பெட்டி அந்த நாட்டுத் தளத்தில் ஜெர்மனில் என்னவோ காட்டுகிறது. `nicht zu ermitteln` என்ற சொற்கள் இருக்கின்றன. (மீனாட்சிபுரம்)

முழு வரியும் அனுப்பியிருக்கலாம், பரவாயில்லை, இந்தச் சொற்கள் போதும். அந்த விலாசத்தில் அப்படி ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பொருள். `nicht angetroffen` என்றிருந்தால் ஆள் வீட்டில் இல்லை என்று பொருள். அப்படியானால் பெரும்பாலும் பக்கத்துக் கிளைக்குப் போயிருக்கும், அல்லது பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பார்கள். தபால் பெட்டியில் கிடக்கும் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துப்போய் வாங்கலாம். உங்களுடையது வேறு.

ஜெர்மனியில் பொதுவாக விலாசத்தில் ஃபிளாட் எண் எழுதுவதில்லை. அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் டெலிவரி. மகன் வேறொருவர் வாடகை எடுத்த வீட்டில் ஓர் அறையில் இருந்தால், மணியில் அந்த வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும். டெலிவரிக்காரர் உங்கள் மகன் பெயரைத் தேடிவிட்டுத் திரும்பியிருப்பார். இன்றே மகனிடம் கொரியருக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், பெட்டி இன்னும் கிளையில் இருந்தால் நேரில் வாங்கலாம். திரும்பக் கிளம்பிவிட்டது என்றால் புதிதாக அனுப்புவதுதான். அடுத்த முறை மகன் பெயருக்குக் கீழே `c/o` என்று போட்டு, மணியில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். பெட்டியில் வைத்ததாக எழுதிய நெய்யை அப்போது எடுத்துவிடுங்கள். பால் பொருளை அங்கே கஸ்டம்ஸ் விடாது.