எச்சங்கள் விசிறியாக விரிந்தால் பூட்ஸ்ட்ராப்பில் எதைக் குலுக்குவது?

கேள்வி: 80 டெலிவரிப் பயணங்களின் தூரத்தையும் ஆன நேரத்தையும் வைத்து ரெக்ரெஷன் போட்டேன். கிலோமீட்டருக்கு 2.4 நிமிடம், திட்டப் பிழை 0.11 என்று வந்தது. பெரும்பாலானவை குறுகிய பயணங்கள், சில மட்டும் நீண்டவை. எச்சங்களை வரைந்து பார்த்தால், தூரம் கூடக் கூட விசிறி மாதிரி விரிகின்றன. எச்சங்களைக் குலுக்கி பூட்ஸ்ட்ராப் செய்தேன், அதிலும் 0.11தான். அப்படியானால் சூத்திரத்தை நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இரண்டாவது 0.11 புதிய சாட்சி இல்லை, முதல் சாட்சி சொன்னதையே திருப்பிச் சொல்கிறது.

எச்சங்களைக் குலுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 20 கிலோமீட்டர் பயணத்தில் வந்த பெரிய எச்சம் ஒன்று 2 கிலோமீட்டர் பயணத்தின் தலையில் போய் விழுகிறது. சின்ன எச்சம் நீண்ட பயணத்துக்குப் போகிறது. எல்லாத் தூரங்களிலும் சிதறல் ஒரே அளவு என்றால்தான் இந்த இடமாற்றம் நியாயம். உங்கள் விசிறியை நீங்களே கலைத்துவிட்டு, விசிறி இல்லாத உலகில் சாய்வு எவ்வளவு ஆடும் என்று அளந்திருக்கிறீர்கள். சூத்திரமும் அதே அனுமானத்தில்தான் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால்தான் ஆச்சரியம்.

செய்ய வேண்டியது, தூரத்தையும் நேரத்தையும் பிரிக்காமல் பயணத்தையே முழுதாகக் குலுக்குவது. 80 பயணங்களிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்ற முறையில் 80 எடுத்து, கோட்டை மறுபடி பொருத்துங்கள். நீண்ட பயணம் தன் பெரிய சிதறலோடுதான் வரும். (டேவிட் ஃப்ரீட்மன் இந்த இரண்டு குலுக்கல்களையும் 1981-லேயே பிரித்துக் காட்டிவிட்டார், ஆனாலும் குழப்பம் இன்னும் தீரவில்லை.)

```r
set.seed(7)
n <- nrow(d)
b <- replicate(2000, {
  i <- sample(n, replace = TRUE)
  coef(lm(time ~ km, data = d[i, ]))["km"]
})
sd(b)
quantile(b, c(0.025, 0.975))
hist(b, breaks = 50)
```

`sd(b)` தருவது திட்டப் பிழை. `quantile` தருவது 95% நம்பிக்கை இடைவெளி. திட்டப் பிழைக்கு மட்டும் 200 மறுமாதிரிகள் போதும், அதில் குலுக்கலால் வரும் தடுமாற்றம் சுமார் 5%. இடைவெளியின் இரு முனைகளுக்குத்தான் 2000 வேண்டும், ஏனென்றால் ஓரத்தில் விழும் எண்கள் கொஞ்சம்தான்.

சரி, வித்தியாசம் எவ்வளவு வரும்? விசிறியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, தூரங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. சிதறல் தூரத்துக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரங்கள் பூஜ்யத்திலிருந்து சீராகப் பரவியிருந்தால், உண்மையான திட்டப் பிழை சூத்திரம் சொல்வதைவிட 10 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும். யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் உங்களுடையதுபோல குறுகியவை குவிந்து, நீண்டவை அரிதாகி, அடுக்குக்குறிப் பரவல்போல இருந்தால், பெரிய மாதிரியில் அது சுமார் 2.6 மடங்கு ஆகும். அப்போது உங்கள் 0.11 உண்மையில் 0.29 அருகே இருக்கும். சாய்வைத் தீர்மானிப்பவை ஓரத்தில் உள்ள நீண்ட பயணங்கள், அதிகம் ஆடுபவையும் அவையே. சூத்திரமோ எல்லாப் பயணங்களின் சிதறலையும் சராசரியாக்கிவிடுகிறது.

அதே காரணத்தால் இந்தக் குலுக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு. 80-இல் ஒரு குறிப்பிட்ட பயணம் மறுமாதிரியில் ஒருமுறைகூட வராமல் போகும் வாய்ப்பு சுமார் 37%. மிகத் தொலைவான ஒரே பயணம்தான் கோட்டை இழுக்கிறது என்றால், அது வந்த மறுமாதிரிகள் ஒரு பக்கமும் வராதவை மறுபக்கமும் குவிந்து, `hist(b)` இரண்டு திமில்களாகத் தெரியும். அந்த நிலையில் எந்த இடைவெளியையும் எழுதாதீர்கள். அந்தப் பயணத்தை எடுத்துப் பாருங்கள், அதோடும் அது இல்லாமலும் சாய்வு என்ன என்று இரண்டையும் சொல்லுங்கள். ஒரே திமிலாக இருந்தாலும், நீண்ட பயணங்கள் நாலைந்துதான் என்றால் இந்தச் சதமான இடைவெளி தேவையைவிடக் கொஞ்சம் குறுகலாகவே வரும். `sandwich` தொகுப்பின் `vcovHC` தரும் மாறுபாட்டின் வர்க்கமூலமாகக் கிடைக்கும் எச்சரிக்கையான திட்டப் பிழையை `sd(b)`-யோடு ஒப்பிட்டு, பெரியதை எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

அப்புறம் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன்: 80 பயணங்களையும் எத்தனை ஓட்டுநர்கள் ஓட்டினார்கள்? ஒருவரே பத்துப் பயணம் ஓட்டியிருந்தால் அந்தப் பத்தும் தனித்தனிச் செய்தி அல்ல. அப்போது பயணத்தை அல்ல, ஓட்டுநரை அவருடைய எல்லாப் பயணங்களோடும் சேர்த்துக் குலுக்க வேண்டும். ஓட்டுநர்கள் ஐந்தாறு பேர்தான் என்றால் அந்தக் குலுக்கலும் பிழையைக் குறைத்தே காட்டும், அதைச் சரிசெய்ய இன்னும் பல ஓட்டுநர்களின் தரவு வேண்டும்.